பால்குட ஊர்வலத்தைப் பார்க்க 84 பேர்: கூட்டத்தைக் குறைந்த செலவில் அசைக்க எந்த வழி?

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் வேலையறை இருக்கிறது. அங்கே நானும் தம்பி ஒருவரும் ஆலயத் திருவிழாவைப் பற்றிய குறும்படம் ஒன்றுக்கு அசைவூட்டம் செய்துகொண்டிருக்கிறோம். அதில் 9 விநாடிக் காட்சி ஒன்று வருகிறது. பங்குனி உத்திரத்தன்று பால்குடம் ஏந்தியவர்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்து வருகிறார்கள்; சாலையின் இரு புறமும் 84 பேர் நின்று பார்க்கிறார்கள்; உறுமி மேளம் ஒலிக்கிறது; கேமரா அசைவதில்லை. நடந்து வருகிறவர்களைத் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை. நின்று பார்க்கும் 84 பேரை எப்படி அசைப்பது என்பதை முடிவு செய்யத்தான் ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தில் ஒப்பிட்டுப் பார்த்த வழிகளையும் அவற்றில் கண்ட குறைகளையும், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எங்கள் படம் விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓடுகிறது; ஒவ்வோர் ஓவியமும் 2 ஃபிரேம் நிற்கும். ஆகவே 9 விநாடிக்கு 216 ஃபிரேம், ஓர் ஆளுக்கு 108 ஓவியம். 84 பேரையும் தனித்தனியே முழுமையாக வரைந்தால் 9,072 ஓவியங்கள் தேவைப்படும். கோடு திருத்தி வண்ணம் தீட்டி முடிக்க ஓர் ஓவியத்துக்கு 20 நிமிடம் என்று எங்கள் கைவேகத்தைக் கணக்கிட்டால், அது 3,024 மணி நேரம் ஆகிறது. இருவர் மட்டும் இருக்கும் அறையில் இந்த வழியைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

அசையாத ஓவியமாகக் கூட்டத்தைத் தீட்டிவிட்டு, அதில் ஐந்தாறு பேரை மட்டும் அசைப்பது எல்லாவற்றையும்விட மலிவான வழி. ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டு விநாடிக்குள் வெட்டி நகரும் காட்சியாக இருந்தால் நான் தயங்காமல் இதையே செய்வேன், ஏனென்றால் பார்ப்பவரின் கண் ஊர்வலத்தை விட்டு விலகுவதற்குள் காட்சி முடிந்துவிடும். ஒன்பது விநாடி என்பது வேறு. நாங்கள் சோதித்துப் பார்த்தபோது நான்காவது விநாடியிலேயே கண் ஓரத்துக்குப் போய்விட்டது. அசைகிற ஆறு பேர் உயிருள்ளவர்களாகவும், மற்றவர்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியவர்களாகவும் தெரிந்தார்கள். முழுக்க அசையாத கூட்டத்தைக்கூடக் கண் பின்னணி என்று ஏற்றுக்கொள்கிறது. அசைவதும் அசையாததும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பதைத்தான் அது ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இந்த வழியைத் தூரத்து வரிசைகளுக்கு மட்டும் ஒதுக்கலாம் என்று குறித்துக்கொண்டோம்.

அடுத்து, 12 பேரை ஒரே குழுவாக வரைந்து, அந்தக் குழுவை 12 ஓவியச் சுழற்சியாக அசைத்து, அதையே ஏழு முறை படியெடுத்து வைக்கும் வழி. கேட்பதற்கு இது மலிவாகத் தோன்றும். உண்மையில் 12 பேர் நிறைந்த ஓர் ஓவியம் எங்களுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது. அப்படியென்றால் 12 ஓவியத்துக்கு 24 மணி நேரம். இதற்குப் பதிலாக, படியெடுத்துப் பயன்படுத்த ஆறு ஆட்களைத் தனித்தனியாக, ஆளுக்கு 12 ஓவியம் என்று 72 ஓவியம் வரைந்தாலும் அதே 24 மணி நேரம்தான் ஆகிறது. செலவு சமமாக இருக்கும்போது பலனையே பார்க்க வேண்டும். குழுவுக்கு ஒரு வெளிவடிவம் உண்டு: உயரமானவர், அவர் பக்கத்தில் குள்ளமானவர், பிறகு குடை, பிறகு ஓர் இடைவெளி. தலைகளின் இந்த ஏற்ற இறக்கம் ஏழு முறை திரும்ப வரும்போது சேலைக் கரையின் பூவேலையைப் போலத் தெரிந்துவிடுகிறது. வண்ணத்தை எவ்வளவு மாற்றினாலும் அது மறைவதில்லை. ஆனால் குழுவுக்கு ஒரு பெரிய பலமும் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தொடலாம். தாய் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கலாம், ஒருவர் இன்னொருவரின் தோளில் சாய்ந்து எட்டிப் பார்க்கலாம். தனி ஆட்களைப் படியெடுத்து அடுக்கிய கூட்டத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை, அது கூட்டத்தைப் பேருந்து நிறுத்தம் போலாக்கிவிடும். இந்தக் காரணத்துக்காகவே, கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தாயும் மகளும் மட்டும் எங்கள் இறுதிக் காட்சியில் இணைந்த வடிவமாக, ஒரே ஒரு முறை வருகிறார்கள்.

எஞ்சியது, சில தனி ஆட்களை வரைந்து, வண்ணம் மாற்றி, அசைவின் தொடக்கத்தை ஆளுக்கு ஆள் தள்ளிவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழி. எங்கள் காட்சிக்கு இதையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் ஆட்களை அடுக்கி, வண்ணத்தை மாற்றி, நேரத்தைத் தள்ளிவைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நாங்களும் தொடங்கினோம். அந்த மூன்றிலும் தனித்தனிச் சிக்கல்கள் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் கற்றுக்கொண்டது, சாதாரணமான ஆள்தான் அதிகமுறை திரும்ப வர முடியும் என்பது. முதல் பட்டியலில் தம்பி ஆசையோடு வரைந்த பையன் ஒருவன் இருந்தான். தண்ணீர்ப் பந்தலில் வாங்கிய ரோஜா நிறச் சர்பத்தைக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு, குழாயால் உறிஞ்சிக்கொண்டு நிற்பான். தோட்டத்துத் திருவிழாவை அறிந்த எவருக்கும் பிடித்துப்போகும் உருவம் அது. கூட்டத்தில் அவனை மூன்று இடங்களில் வைத்தோம். பார்த்த அனைவரும் முதலில் கண்டுபிடித்தது அவனைத்தான். மடித்துக் கட்டிய வேட்டியும் தோளில் துண்டுமாக, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்ற பெரியவரை ஒன்பது இடங்களில் வைத்திருந்தோம், ஒருவரும் கவனிக்கவில்லை. சர்பத் பையன் இப்போது முன்வரிசையில் ஒரே இடத்தில் நிற்கிறான்.

இடவலம் திருப்பிப் போடுவது செலவில்லாமல் ஆள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் உத்தி என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி, சேலை கட்டிய பெண்களையும் திருப்பிப் போட்டோம். கீழே கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் தேநீர் கொண்டு வந்தபோது திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, அந்த அம்மா முந்தானையை வலது தோளுல போட்டிருக்கு?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு நாளாகப் பார்த்தும் கண்ணில் படாதது அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நம் வட்டாரத்தில் முந்தானை இடது தோளில்தான் விழும். திருப்பினால் அது வலப்பக்கம் போய்விடும். சட்டைப் பையும், சட்டையில் அச்சிட்ட எழுத்தும் இதே காரணத்தால் காட்டிக்கொடுக்கும். ஆகவே சேலைப் பெண்களைத் திருப்புவதில்லை என்று முடிவு செய்து, அந்தக் குறையை ஈடுகட்டக் கொண்டையும் அகலக் கரையும் கொண்ட இன்னொரு சேலைப் பெண்ணைப் புதிதாக வரைந்தோம். ஆறு ஆட்கள் ஏழானார்கள். 72 ஓவியம் 84 ஆனது. நான்கு மணி நேரம் கூடியது. மூன்று சேலைப் பெண்களுக்கு ஆளுக்கு 4 வண்ணம், திருப்பக்கூடிய மற்ற நால்வருக்கு 4 வண்ணமும் 2 பக்கமும் என்று கணக்கிட்டால் மொத்தம் 44 தோற்றங்கள் கிடைக்கின்றன. முதல் மூன்று வரிசைகளில் நிற்கும் 54 பேருக்கு இது போதும், ஏனென்றால் ஒரே தோற்றம் இரண்டு முறை வரும் இடங்களில் ஒருவரைச் சாலையின் இந்தப் பக்கத்திலும் மற்றவரை எதிர்ப்பக்கத்திலும் நிறுத்திவிடலாம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, முழு உருவத்தின் சாயலையும் ஒரே அடியாக மாற்றுவதே பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் தோலும் தலைமுடியும் சேர்ந்து மாறி, முகம் பச்சையோடிவிடும். ஆளை வரையும்போதே மேலாடை, கீழாடை, தோல், முடி ஆகிய நான்கையும் தனித்தனி லேயராகப் பிரித்துவைத்தால், பிறகு வேண்டியதை மட்டும் மாற்றலாம். நாங்கள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பயன்படுத்துகிறோம். அதில் Essential Properties வழியாக அந்த நான்கு வண்ணங்களையும் வெளியே எடுத்துவிட்டால், ஒரே ஆளின் ஒவ்வொரு படிக்கும் தனி வண்ணம் கொடுக்க முடிகிறது. ஆளையே நான்கு முறை நகலெடுத்து வைக்க வேண்டியதில்லை. பிற்பாடு கோட்டில் ஒரு திருத்தம் வந்தாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

எந்த வண்ணம் என்பதில் எங்கள் காட்சிக்கே உரிய ஒரு கட்டுப்பாடு இருந்தது. பால்குடம் ஏந்தி வருகிறவர்கள் மஞ்சள் உடுத்தியிருக்கிறார்கள். கூட்டத்திலும் மஞ்சள் இருந்தால் ஊர்வலம் அதற்குள் கரைந்துவிடும். உண்மையான திருவிழாவில் பார்க்க வருகிறவர்களிலும் பலர் மஞ்சளில் வருவார்கள் என்றாலும், படத்தில் அந்த நிறத்தை ஊர்வலத்துக்கு விட்டுக்கொடுத்தோம். மிச்சமிருந்த நிறங்களில் அரக்கு, மயில்கழுத்து நீலம், இலைப்பச்சை, செங்கல் நிறம் என்று நான்கை எடுத்தோம். தனித்தனியாகப் பார்த்தபோது நான்கும் நன்றாகவே வேறுபட்டன. கூட்டமாக வைத்தபோது மட்டும் ஏனோ ஒரே ஆள் என்பது பளிச்சென்று தெரிந்தது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: நான்கு நிறங்களும் ஏறத்தாழ ஒரே சாம்பல். கண் தூரத்தில் இருப்பதை நிறத்தால் பிரிப்பதைவிட வெளிச்சத்தாலும் இருட்டாலும்தான் அதிகம் பிரிக்கிறது. செங்கல் நிறத்தை எடுத்துவிட்டு வெளிர் ரோஜாவை வைத்தோம், பச்சையைக் கிளிப்பச்சையாக வெளுக்கவிட்டோம், அரக்கை இன்னும் இருட்டாக்கினோம். அதன் பிறகு ஒரே வடிவம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் இருவராகத் தெரிந்தது. வெள்ளையை மட்டும் பின்வரிசைகளில் வைக்கவில்லை. அங்கே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தால் கண் ஊர்வலத்தை விட்டுவிட்டு அங்கேதான் போகும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். கூட்டம் உயிர் பெறுவதும் கெடுவதும் இதில்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அனைவருக்கும் முதலில் 24 ஃபிரேம் சுழற்சியே இருந்தது. மெதுவாக ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் எடை மாறும், தலை சற்றுத் திரும்பும், மீண்டும் பழைய நிலைக்கு வரும். ஆளுக்கு ஆள் தொடக்கத்தைத் தள்ளிவைக்க லேயரின் வரிசை எண்ணை 7-ஆல் பெருக்கி 24-க்குள் மடக்கும், அதாவது 24-ஆல் வகுத்து மீதியை எடுக்கும், ஒரு சிறு சூத்திரத்தை எழுதினோம். 7-க்கும் 24-க்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுஎண் இல்லாததால் 24 வெவ்வேறு தொடக்கங்களும் கிடைக்கும். இதுவே 6-ஆக இருந்தால் நான்கு தொடக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். கணக்கு சரி, ஆனால் திரையில் பிழை. சோதனைக்காக வரிசைக்கு 7 பேர் என்று நிறுத்தியிருந்தோம். ஒருவருக்கு நேர் பின்னால் நிற்பவர் ஏழு எண் தள்ளி இருக்கிறார். 7-ஐ 7-ஆல் பெருக்கினால் 49, அதை 24-க்குள் மடக்கினால் 1. அதாவது முன்னும் பின்னுமாக நிற்பவர்கள் ஒரே ஒரு ஃபிரேம் வேறுபாட்டில், ஏறக்குறைய ஒன்றாகவே அசைந்தார்கள். கூட்டம் பக்கவாட்டில் கலைந்தும், நெடுக்கில் பெரட்டில் நிற்பதுபோல ஒழுங்காகவும் தெரிந்தது. லேயர்களின் இடையே புதிய ஆள் ஒருவரைச் செருகினால் கீழே உள்ள அனைவரின் வரிசை எண்ணும் மாறி, ஏற்கெனவே சரிசெய்த தொடக்கங்களெல்லாம் கலைந்துவிடுவது அடுத்த தொல்லை.

இதனால் வரிசை எண்ணைக் கைவிட்டு, ஒவ்வொரு லேயருக்கும் Slider Control ஒன்றைச் சேர்த்து, அதற்கு Offset என்று பெயரிட்டு, எண்ணைக் கையால் கொடுத்தோம். 54 எண்களைத் தட்டச்சு செய்வது அரை மணி நேர வேலைதான். Time Remap-ஐ இயக்கி, லேயரின் முடிவைக் காட்சியின் இறுதிவரை இழுத்துவிட்டு, அதில் இந்தச் சூத்திரத்தை எழுதினோம்:

```
cyc = 28;
off = Math.round(effect("Offset")("Slider"));
f = timeToFrames(time) + off;
framesToTime(f % cyc)
```

முதல் வரியில் 24-க்குப் பதிலாக 28 இருப்பதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தைத் தள்ளிவைப்பது ஆட்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரிக்குமே தவிர, மொத்தப் படம் திரும்ப வருவதைத் தடுக்காது. எல்லோருக்கும் சுழற்சி 24 ஃபிரேம் என்றால், யார் எங்கே தொடங்கினாலும், 24 ஃபிரேமுக்கு ஒருமுறை கூட்டம் முழுவதும் அச்சு அசலாக அதே நிலைக்கு வந்துவிடும். ஒன்பது விநாடியில் ஒன்பது முறை. பார்ப்பவருக்கு இன்னது என்று சொல்லத் தெரியாது, ஆனால் கூட்டம் மூச்சு விடுவதைப் போன்ற ஒரு துடிப்பை உணர்வார். நாங்களும் மூன்று நாள் தொடக்க எண்களையே மாற்றிக்கொண்டிருந்தோம். துடிப்பு போகவே இல்லை. சுழற்சிகளின் நீளம் வேறுபட்டால்தான் அது போகும் என்பது பிறகே புரிந்தது.

நீளத்தை மாற்றப் புதிய ஓவியம் எதுவும் தேவையில்லை என்பதுதான் இதில் மகிழ்ச்சியான செய்தி. உடல் ஒரு பக்கம் முழுவதும் சாய்ந்து நிற்கும் கணம், மறுபக்கம் சாய்ந்து நிற்கும் கணம் என்று சுழற்சியில் இரண்டு எல்லைகள் உண்டு. அந்த இரண்டு ஓவியங்களையும் 2 ஃபிரேமுக்குப் பதில் 4 ஃபிரேம் நிறுத்தினால் சுழற்சி 28 ஆகிறது. 5 ஃபிரேம் நிறுத்தினால் 30 ஆகிறது. மனித உடல் இயல்பாகவே அந்த எல்லைகளில் சற்றுத் தாமதிப்பதால், நீட்டியது தெரிவதில்லை. நடுவில் இருக்கும் ஓவியத்தை நிறுத்தினால் மட்டும் அசைவு எதிலோ சிக்கிக்கொண்டதுபோல் ஆகிவிடும். ஏழு ஆட்களை 24, 28, 30 என்று மூன்று நீளங்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். இந்த மூன்று எண்களின் மீச்சிறு பொது மடங்கு 840. அதாவது கூட்டம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்ப 35 விநாடி ஆகும். எங்கள் காட்சியோ ஒன்பது விநாடியில் முடிந்துவிடுகிறது. துடிப்பு அன்றே மறைந்தது.

ஆனால் தள்ளிவைப்பதையே தவிர்க்க வேண்டிய ஒரு செயலும் இந்தக் காட்சியில் இருக்கிறது. உறுமிக்குக் கை தட்டுகிறவர்கள் பத்துப் பேர். நாங்கள் பதிவு செய்த மேளம் நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் செல்கிறது, ஆகவே ஓர் அடிக்குச் சரியாக 12 ஃபிரேம். இவர்களையும் பழக்கதோஷத்தில் தாறுமாறாகத் தள்ளிவைத்தபோது, தாளமே கேட்காதவர்கள் கை தட்டுவதுபோல் இருந்தது. தாளத்தைக் கேட்டுத் தட்டும் கூட்டம் ஏறத்தாழ ஒன்றாகத்தான் தட்டும். ஆகவே கை தட்டுகிறவர்களுக்குச் சுழற்சி 12 ஃபிரேம் என்றும், தள்ளிவைப்பு அடியிலிருந்து 2 ஃபிரேமுக்குள் என்றும் வரையறுத்தோம். பெரும்பாலோர் அடிக்குப் பிந்தியே வருகிறார்கள். எதை எவ்வளவு தள்ளிவைப்பது என்பதைச் செயலே தீர்மானிக்கிறது: தானாக நடக்கும் அசைவுக்குச் சுழற்சி முழுவதும் இடம் உண்டு, ஒலிக்குப் பதிலாக நடக்கும் அசைவுக்கு இரண்டு ஃபிரேம்தான் இடம்.

தள்ளிவைப்பு மறைத்துவிடும் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சுழற்சியின் கடைசி ஓவியம் முதல் ஓவியத்தின் நகலாகவே இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அசைவு ஒரு கணம் தடைப்பட்டு ஒரு சிறு தட்டல் வரும். ஒரே ஆளைப் பார்த்தால் அது உடனே தெரியும். 54 பேரை வெவ்வேறு நேரத்தில் தொடங்கிவிட்டால் அந்தத் தட்டல் கூட்டம் முழுவதும் சிதறி, எங்கோ யாருக்கோ உடல் வெட்டி இழுப்பதுபோல் ஓயாமல் தெரியும். எந்த ஆளிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எனவே ஒவ்வொரு சுழற்சியையும் கூட்டத்தில் சேர்ப்பதற்கு முன்னால் தனியாக ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியில் நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி. முன்வரிசையில் 12 பேர், அடுத்ததில் 18, மூன்றாவதில் 24 என்று 54 பேரும் தனி ஆட்களின் வண்ணப் படிகள். சர்பத் பையனும் தாயும் மகளும் அந்தப் பன்னிரண்டில் அடக்கம். மூன்றாவது வரிசையில் எட்டுப் பேரை அசைக்கவே இல்லை, ஏனென்றால் உண்மையான கூட்டத்திலும் ஓயாமல் அசைகிறவர்கள் சிலரே. அவர்கள் அசைகிற இருவருக்கு நடுவில் பாதி மறைந்து நிற்பதால் அட்டையைப் போலத் தெரிவதுமில்லை. அவர்களுக்குப் பின்னால் தலையும் தோளும் மட்டும் தெரியும் 30 பேருக்குக் குழு வழியையே எடுத்தோம்: பத்துத் தலைகள் கொண்ட ஒரு குழு, 8 ஓவியம், மூன்று முறை. அங்கே தலைகளின் ஏற்ற இறக்கத்தை முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் மறைத்துவிடுவதால், முன்பு சொன்ன குறை தெரியவில்லை. கேமரா சாலையோடு நகர்ந்திருந்தால் இந்தப் பின்வரிசை தாங்கியிருக்காது. நகரும் கேமரா குழுவைக் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டிவிடும். கேமரா கூட்டத்தைச் சுற்றி வர வேண்டும் என்றால் முப்பரிமாணத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும், அது எங்கள் காட்சிக்குத் தேவைப்படவில்லை.

எல்லாம் வைத்து முடித்த பிறகு ஆட்கள் அனைவரையும் முழுக் கறுப்பாக நிரப்பி, திரையைக் கைப்பேசி அளவுக்குச் சுருக்கி, ஒன்பது விநாடியையும் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தோம். வண்ணமும் முகமும் போன பிறகு மிஞ்சுவது வடிவமும் நேரமும்தான். திரும்ப வருவது ஏதேனும் இருந்தால் அங்கே ஒளிய இடமில்லை. இரண்டாவது வரிசையின் இடது ஓரத்திலும் மூன்றாவது வரிசையின் வலது ஓரத்திலும் வேட்டிப் பெரியவர் ஒரே கணத்தில் ஒரே பக்கம் தலையைத் திருப்பினார். பின்னால் நின்றவரின் Offset 3-ஆக இருந்ததை 17 ஆக்கி, அவருடைய துண்டை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு, காட்சியை ரெண்டருக்கு அனுப்பினோம்.